அல்ஃபா 0.71 போதாது என்கிற மதிப்பாய்வாளருக்கு என்ன பதில் எழுதுவது?

கேள்வி: சிங்கப்பூரில் பிஎச்டி மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். ரோசன்பெர்க் சுயமதிப்பு வினாப்பட்டியலின் தமிழ், ஆங்கில வடிவங்களை வைத்து, முதியோர் நடவடிக்கை நிலையங்களுக்கு வரும் 60 வயதைத் தாண்டிய 240 இந்திய மூத்தோரிடம் தகவல் திரட்டினேன். தொண்டூழியர்கள் கூற்றுகளை வாசித்துக் காட்டிப் பதிலைக் குறித்தார்கள். 150 பேர் தமிழில், 90 பேர் ஆங்கிலத்தில். இரண்டாம் மதிப்பாய்வாளர் எழுதுகிறார்: "தமிழ் வடிவம் இந்த மக்களிடம் எதை அளக்கிறது என்பதற்குச் சான்று இல்லை. அல்ஃபா 0.71 ஏற்புடைமையைக் காட்டாது." உலகம் முழுவதும் பயன்படுத்தும் கருவி இது என்று சொன்னால் போதாதா? 60 நாள் அவகாசம் இருக்கிறது.

பதில்:

போதாது. அந்த வாக்கியத்தைக் கடிதத்தில் எழுதவே எழுதாதீர்கள். அவருக்கு ரோசன்பெர்க் பட்டியல் மேல் சந்தேகமில்லை. உங்கள் 150 பேர் தமிழில் சொன்ன பதில்களைக் கூட்டி வந்த எண்ணைச் "சுயமதிப்பு" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பெயர் பொருந்துமா என்றுதான் கேட்கிறார். மாரிஸ் ரோசன்பெர்க் 1965இல் வெளியிட்ட இந்தப் பட்டியல் நியூயார்க் மாநில உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக உருவானது. அவர்கள் தாளில் தாங்களே குறித்துக் கொடுத்தார்கள். இங்கே வயது வேறு, மொழி வேறு, பதில் வாங்கிய முறையும் வேறு. மூன்றும் ஒருசேர மாறியிருக்கும்போது கருவியின் புகழ் சான்றாகாது. கல்வி, உளவியல் சோதனைகளுக்கு அமெரிக்கச் சங்கங்கள் மூன்று சேர்ந்து 2014இல் வெளியிட்ட நெறிமுறைகளும் இதையேதான் சொல்கின்றன. ஏற்புடைமை கருவிக்குள் நிரந்தரமாக இருக்கும் குணமல்ல. குறிப்பிட்ட மக்களிடம், குறிப்பிட்ட நோக்கத்துக்காக, அந்த மதிப்பெண்ணுக்கு நீங்கள் தரும் பொருளுக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்பதே ஏற்புடைமை.

அல்ஃபாவைப் பற்றி அவர் சொன்னதும் சரி. எவ்வளவு சரி என்பதை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டால் கடிதத்தின் தொனி தானாக மாறும். கூற்றுகளுக்கு இடையிலான ஒட்டுறவுகளின் சராசரி r என்றும், கூற்றுகளின் எண்ணிக்கை k என்றும் வைத்துக்கொண்டால், தரப்படுத்திய அல்ஃபா இது:

```
alpha = k*r / (1 + (k-1)*r)
```

k = 10, r = 0.20 என்று போடுங்கள். 2.0 / 2.8, அதாவது 0.71. உங்கள் எண்ணேதான். இந்த 0.20 என்கிற சராசரி எப்படி வந்தது என்பது அல்ஃபாவுக்குத் தெரியாது. பத்துக் கூற்றுகளிலும் எந்த இரண்டை எடுத்தாலும் ஒட்டுறவு 0.20 என்றிருக்கலாம். அல்லது நேர்மறைக் கூற்றுகள் ஐந்தும் தங்களுக்குள் 0.45, எதிர்மறைக் கூற்றுகள் ஐந்தும் தங்களுக்குள் 0.45, இந்த ஐந்துக்கும் அந்த ஐந்துக்கும் இடையில் சுத்தமாகப் பூஜ்யம் என்றும் இருக்கலாம். மொத்தம் 45 இணைகள். அவற்றில் 20 இணைகள் ஒரே கூட்டத்துக்குள் வருபவை. 20 × 0.45 = 9; 9 / 45 = 0.20. அல்ஃபா அப்போதும் 0.71. ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு விஷயங்களைக் கூட்டியிருந்தாலும் இதே எண்தான் வரும். ஆகவே கடிதத்தின் முதல் வரியிலேயே "அல்ஃபா உள்ளிணக்கத்தை மட்டும் காட்டுகிறது, ஏற்புடைமைக்கு அதைச் சான்றாக வைத்தது போதாது என்பதை ஏற்கிறோம்" என்று எழுதிவிடுங்கள். அங்கே வாதாடினால் மீதிப் பக்கங்களை அவர் சந்தேகக் கண்ணோடுதான் படிப்பார்.

இதே கணக்கு உங்களுடைய முதல் சோதனையையும் கையில் கொடுத்துவிடுகிறது. பரவலாகப் புழங்கும் வரிசையில் 1, 3, 4, 7, 10 நேர்மறைக் கூற்றுகள். 2, 5, 6, 8, 9 எதிர்மறைக் கூற்றுகள். உங்கள் வரிசை மாறியிருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். எதிர்மறைக் கூற்றுகளின் மதிப்பெண்ணைத் திருப்பிய பிறகு, தமிழில் பதில் சொன்ன 150 பேருக்கு மட்டும் மூன்று சராசரிகளை எடுங்கள்: நேர்மறைக் கூற்றுகளுக்குள் ஒட்டுறவு, எதிர்மறைக் கூற்றுகளுக்குள் ஒட்டுறவு, இரண்டு கூட்டத்துக்கும் இடையே ஒட்டுறவு. மூன்றும் 0.20 அருகே இருந்தால், ஐந்து கூற்றுகளின் கூட்டலுக்கும் மற்ற ஐந்தின் கூட்டலுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.56 வரும். மாறாக 0.38, 0.36, 0.06 என்று வந்தால், அதே அல்ஃபா 0.71 இருக்க, இரண்டு பாதிகளுக்கும் இடையிலான ஒட்டுறவு வெறும் 0.12தான். முதலாவது நிலையில் உங்களுக்கு ஒரு வினாப்பட்டியல் இருக்கிறது. இரண்டாவதில் ஒரே தாளில் இரண்டு இருக்கின்றன. எந்தப் புள்ளியியல் மென்பொருளும் தெரியாத வாசகருக்கும் இந்த மூன்று எண்கள் புரியும் என்பதால், இவற்றைக் கட்டுரையிலேயே ஒரு சிறிய அட்டவணையாகப் போட்டுவிடுவது நல்லது. இடையிலான சராசரி எதிர்க்குறியோடு வந்தால், வேறெதற்கும் முன்னால் மதிப்பெண்ணைத் திருப்ப மறந்தீர்களா, அல்லது தரவைப் பதிவு செய்தவர் ஒருமுறை திருப்பி நீங்கள் இன்னொருமுறை திருப்பினீர்களா என்று பாருங்கள்.

இரண்டு பாதிகளும் விலகி நிற்கின்றன என்றே வைத்துக்கொள்வோம். அப்படி நடக்க உங்கள் ஆய்வில் வலுவான காரணம் ஒன்று இருக்கிறது, அதை மதிப்பாய்வாளர் இன்னும் கவனிக்கவில்லை. நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். 5ஆவது கூற்றை எடுத்துக்கொள்வோம். "நான் பெருமைப்பட்டுக்கொள்ள அதிகம் ஒன்றும் இல்லை" என்று தொண்டூழியர் வாசிக்கிறார். எதிரில் இருக்கும் பாட்டி "இல்லை" என்கிறார். எனக்கு ஒன்றும் இல்லைதான் என்று ஒத்துக்கொள்கிறாரா, அப்படியெல்லாம் இல்லை என்று மறுக்கிறாரா? பேச்சுத் தமிழில் இரண்டுக்கும் இடமுண்டு. அந்தக் கணத்தில் எந்தக் கட்டத்தில் குறி விழ வேண்டும் என்பதை முடிவு செய்தவர் தொண்டூழியர். ஒருவர் மறுபடியும் கேட்டுத் தெளிந்திருப்பார், இன்னொருவர் குரலை வைத்து ஊகித்திருப்பார். எழுத்துத் தமிழில் அச்சிட்ட கூற்றை அப்படியே வாசிக்காமல், முதியவருக்குப் புரியட்டும் என்று ஆளுக்கு ஒருவிதமாகப் பேச்சு நடையில் மாற்றிச் சொல்லியிருப்பதற்கும் வாய்ப்பு அதிகம். மாணவர்கள் தாங்களே தாளில் குறிக்கும்போது இந்த இடைவெளி கிடையாது.

இதைத் தரவிலேயே பார்க்கலாம். ஒவ்வொரு படிவத்திலும் நேர்காணல் செய்தவரின் குறியெண் இருக்கிறதா? இருந்தால் எதிர்மறைக் கூற்றுகள் ஒவ்வொன்றுக்கும், தொண்டூழியர்வாரியாக நான்கு கட்டங்களின் பங்கீட்டைப் போடுங்கள். ஒருவர் செய்த நேர்காணல்களில் 5ஆவது கூற்று மட்டும் தலைகீழாக விழுந்து, மற்றவை எல்லாரையும் போல இருந்தால், அது முதியவர்களின் சுயமதிப்பல்ல, குறித்தவரின் பழக்கம். அதே ஆட்களின் நேர்மறைக் கூற்றுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் அதே அளவு வித்தியாசம் இருந்தால் அவர் போன நிலையத்து மூத்தோரே வேறுவகையினராக இருக்கலாம். எதிர்மறையில் மட்டும் வித்தியாசம் இருந்தால்தான் குறிக்கும் முறையைச் சந்தேகிக்க வேண்டும். ஒருவர் பத்துப் பன்னிரண்டு நேர்காணல்களுக்குக் குறைவாகச் செய்திருந்தால் இந்தப் பங்கீட்டிலிருந்து முடிவு எடுக்காதீர்கள். நான்கு கட்டங்கள் அச்சிட்ட அட்டையை முதியவர் கையில் கொடுத்து விரலால் காட்டச் சொன்னீர்கள் என்றால், அதைக் கட்டுரையின் முறையியல் பகுதியில் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இந்தக் குழப்பத்தை வெகுவாகக் குறைப்பது அதுதான். செய்தும் எழுதாமல் விட்டிருந்தால் கைக்கு வந்த சான்றை இழக்கிறீர்கள்.

8ஆவது கூற்று வேறு வகை. தன்மேல் தனக்கு இன்னும் மதிப்பு இருந்திருக்கலாம் என்று விரும்புவதாகச் சொல்லும் கூற்று அது. மொழிபெயர்ப்பு சரியாகவே இருக்கட்டும். "இருந்தா நல்லதுதானே" என்று நினைக்கும் முதியவர் ஒப்புக்கொள்கிறார். நமக்கு அது குறைந்த சுயமதிப்பு; அவருக்கு நல்ல ஆசை. சீன மொழி வடிவங்களிலும் இந்தக் கூற்று மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்பது பலமுறை பதிவாகியிருக்கிறது, ஆகவே ஆசியத் தரவைப் படித்துப் பழகிய மதிப்பாய்வாளர் முதலில் தேடுவது இதைத்தான். மற்ற ஒன்பதின் கூட்டலோடு அதன் ஒட்டுறவைப் பாருங்கள். பூஜ்யத்துக்கு அருகிலோ அதற்குக் கீழேயோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் சத்தமில்லாமல் அதை நீக்கிவிட்டு ஒன்பது கூற்றுகளின் அல்ஃபா உயர்ந்துவிட்டது என்று எழுதாதீர்கள். ஒரே தரவைப் பார்த்து நீக்கி, அதே தரவில் நன்றாக இருக்கிறது என்று காட்டுவதில் தற்செயலின் பங்கு எவ்வளவு என்று யாரும் சொல்ல முடியாது. பத்துக் கூற்றுகளோடும் ஒன்பதோடும் முதன்மை முடிவுகளைத் தனித்தனியாகக் கணக்கிட்டு இரண்டையும் கொடுங்கள்.

இதற்குப் பிறகுதான் காரணிப் பகுப்பாய்வு. R மொழியில் lavaan போதும். நான்கே கட்டங்கள் உள்ள பதில் என்பதால் வரிசைத் தரவாக எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழ் வடிவத் தரவு d, கூற்றுகள் q1 முதல் q10 வரை, எதிர்மறைகள் ஏற்கெனவே திருப்பப்பட்டவை:

```
m1 <- 'SE =~ q1+q2+q3+q4+q5+q6+q7+q8+q9+q10'
m2 <- 'SE  =~ q1+q2+q3+q4+q5+q6+q7+q8+q9+q10
       NEG =~ q2+q5+q6+q8+q9
       SE ~~ 0*NEG'
f1 <- cfa(m1, d, ordered=TRUE, estimator="WLSMV", std.lv=TRUE)
f2 <- cfa(m2, d, ordered=TRUE, estimator="WLSMV", std.lv=TRUE)
lavTestLRT(f1, f2)
lavResiduals(f1)
```

முதல் மாதிரி, பத்தும் ஒன்றையே அளக்கின்றன என்கிறது. இரண்டாவது, பத்தும் ஒன்றையே அளக்கின்றன, ஆனால் எதிர்மறையாக எழுதப்பட்டதால் மட்டும் ஐந்துக்குள் கூடுதல் ஒற்றுமை இருக்கிறது என்கிறது. இரண்டாவது அநேகமாக எப்போதும் நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் அதில் சுமைகள், அதாவது கூற்றைக் காரணியோடு பிணைக்கும் எண்கள், கூடுதலாக இருக்கின்றன. அது வென்றது என்பதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பதிலே இல்லை. பார்க்க வேண்டியது, NEG வந்த பிறகு எதிர்மறைக் கூற்றுகள் SE மேல் வைத்திருந்த சுமைக்கு என்ன ஆனது என்பதை. 0.6இலிருந்து 0.5க்கு இறங்கினால், சொற்போக்கு கொஞ்சம் இழுக்கிறது, ஆனாலும் அவை சுயமதிப்பைத்தான் அளக்கின்றன என்று சொல்ல முடியும். 0.1, 0.2 என்று சரிந்தால் பத்தையும் கூட்டிய மதிப்பெண்ணை உங்களால் காப்பாற்ற முடியாது; ஐந்து நேர்மறைக் கூற்றுகளை மட்டும் வைத்து முடிவுகளை மறுபடி கணக்கிட்டு, அதையே முதன்மை முடிவாக வைக்க வேண்டியிருக்கும்.

இரண்டு இடங்களில் கால் இடறும். பொருத்தக் குறியீடுகளுக்கு எல்லாரும் எழுதும் CFI 0.95, RMSEA 0.06 என்கிற வரம்புகள் 1999இல் வெளியானவை. தொடர் அளவுகளுக்கும் அதிகபட்சச் சாத்திய முறைக்கும் பார்த்து வந்தவை. வரிசைத் தரவில் WLSMV முறையில் அதே எண்கள் உண்மையைவிட அழகாகத் தெரியும். அதனால்தான் `lavResiduals` வரியைச் சேர்த்திருக்கிறேன். மாதிரி விளக்காமல் விட்ட ஒட்டுறவுகளில் 0.10ஐத் தாண்டியவை எவை என்று பார்த்து அந்த இணைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். இன்னொன்று, ஒரு கூற்றின் நான்கு கட்டங்களில் ஒன்றை இரண்டு மூன்று பேர் மட்டுமே தேர்ந்திருந்தால் மதிப்பீடு தள்ளாடும். மூத்தோர் "வன்மையாக மறுக்கிறேன்" பக்கம் போகவே தயங்குவது இயல்பு. அப்படியிருந்தால் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்து மூன்றாக்கி, சேர்த்ததைக் கடிதத்திலும் கட்டுரையிலும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கட்டுரை தமிழில் பதில் சொன்னவர்களையும் ஆங்கிலத்தில் சொன்னவர்களையும் ஒப்பிடுகிறதா, இரண்டையும் ஒரே குவியலாக்குகிறதா என்பது கேள்வியில் இல்லை. இரண்டில் எதைச் செய்திருந்தாலும் இது அடுத்த சுற்றில் வரும். மதிப்பெண் இரண்டு மொழியிலும் ஒரே பொருள் தருகிறதா என்று பார்க்க, கட்டவாசல்களையும் சுமைகளையும் இரு குழுவுக்கும் சமமாக்கிப் பார்க்கும் வழக்கமான முறை உண்டு:

```
cfa(m1, dAll, group="lang", ordered=TRUE,
    group.equal=c("thresholds","loadings"))
```

ஆங்கிலத்தில் 90 பேர்தான். அவர்களில் யாரும் ஒரு கட்டத்தைத் தேர்ந்திருக்காவிட்டால் மென்பொருள் பிழை காட்டி நிற்கும். இரண்டு குழுவிலும் அந்தக் கட்டத்தைச் சேர்த்த பிறகே ஓடும். ஓடினாலும் 90 பேரை வைத்துச் "சமம்" என்று அறிவிப்பது துணிச்சல். சிறிய குழுவில் வித்தியாசம் தென்படாமல் போவது எளிது, அதைச் சமத்துவத்துக்குச் சான்றாக எழுதக்கூடாது. தவிர, மொழியை அவர்களே தேர்ந்தார்கள். இங்கே ஆங்கிலத்தில் பதில் சொல்லும் மூத்தவர் பெரும்பாலும் வேறு பள்ளியில் படித்தவர், வேறு வேலை பார்த்தவர். இரண்டு குழுவின் மதிப்பெண் வேறுபட்டால் அது மொழியாலா, வாழ்க்கையாலா என்று இந்தத் தரவு சொல்லாது. ஆகவே என் யோசனை, குழு ஒப்பீட்டை விட்டுவிடுங்கள். தமிழ்க் குழுவை முதன்மைப் பகுப்பாய்வாக வைத்து, ஆங்கிலக் குழுவைத் தனி அட்டவணையில் கொடுங்கள். கட்டுரை சிறுத்துப்போகும், ஆனால் எழுதிய ஒவ்வொரு வரியும் நிற்கும்.

வெளிச் சான்று என்று ஒன்று வேண்டும். மனச்சோர்வு, தனிமை, உடல்நலம் பற்றி அதே படிவத்தில் ஏதாவது கேட்டிருப்பீர்கள். மூத்தோருக்கான 15 கேள்வி மனச்சோர்வுப் பட்டியலைச் சேர்த்திருந்தால், அதோடு பத்துக் கூற்றுகளின் கூட்டலுக்கு எதிர்க்குறி ஒட்டுறவு வருகிறது என்று மட்டும் எழுதாதீர்கள். நேர்மறைப் பாதிக்கும் எதிர்மறைப் பாதிக்கும் தனித்தனியாகப் போடுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் எதிர்க்குறி காட்டினால் அது நல்ல சான்று. எதிர்மறைப் பாதி மட்டும் பலமாக ஒட்டி நேர்மறைப் பாதி அசையாமல் இருந்தால், நீங்கள் சுயமதிப்பு என்று அளந்ததில் ஒரு பகுதி சோர்வாக இருக்கலாம். எந்தத் திசையில், ஏறக்குறைய எந்த அளவில் ஒட்டுறவை எதிர்பார்க்கிறீர்கள் என்பதைக் கணக்கிடுவதற்கு முன்பே கடிதத்தின் வரைவில் எழுதி வைத்துவிடுங்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் கையில் இருக்கும் தரவோடு முடியும் வேலை, இரண்டு வாரம் பிடிக்கலாம். மதிப்பாய்வாளர் உண்மையில் கேட்கும் "எதை அளக்கிறது" என்பதற்கு நேரடிப் பதில், மூத்தோர் ஒவ்வொரு கூற்றையும் எப்படிப் புரிந்துகொண்டு பதில் சொல்கிறார்கள் என்பதைக் கேட்டுப் பார்ப்பதில் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் போதும். இங்கேயே பிறந்து வளர்ந்தவரும் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவரும், பள்ளி சென்றவரும் செல்லாதவரும் கலந்திருக்கட்டும். கூற்றைப் படித்துக் காட்டி, பதில் வாங்கிய பிறகு, "இதை உங்க வார்த்தையில சொல்லுங்களேன்" என்றும், "ஏன் அந்தக் கட்டத்தைக் காட்டுனீங்க?" என்றும் கேளுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், யாரைக் கேட்டாலும் புரிந்தது என்றுதான் வரும். ஒவ்வொரு கூற்றுக்கும் எத்தனை பேரின் விளக்கம் குறித்த கட்டத்தோடு பொருந்தியது, எத்தனை பேருக்குப் பொருந்தவில்லை என்று எண்ணி, பொருந்தாதவற்றில் அவர்கள் சொன்ன சொற்களையே எழுதுங்கள். 5, 8 ஆகியவற்றுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

இதற்குப் பல்கலைக்கழகத்தின் ஐஆர்பி ஒப்புதலில் திருத்தம் வேண்டும். முன்பு கொடுத்த ஒப்புதல் படிவத்தில் மறுபடி தொடர்புகொள்ளலாம் என்ற வரி இல்லையென்றால், அந்த 240 பேரில் யாரையும் கூப்பிடாதீர்கள். புதியவர்களை நிலையங்கள் வழியாக அழையுங்கள். திருத்த விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிட்டு, ஆசிரியர் குழுவுக்கு ஒரு சிறு மின்னஞ்சலில் கூடுதல் தரவு திரட்டுவதாகச் சொல்லி அவகாசத்தை நீட்டிக்கக் கேளுங்கள். காரணத்தோடு கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். 59ஆவது நாளில் கேட்டால்தான் சங்கடம்.

இனிக் கடிதம். மதிப்பாய்வாளரின் கருத்தைச் சுருக்காமல் முழுதாக எடுத்துப் போட்டு, அதன் கீழே பதில், அதன் கீழே கட்டுரையில் மாறிய வரிகள், பக்க எண், வரி எண் என்று போகட்டும். நன்றி ஒரு வரி போதும். பின்வருவதில் தரவு சார்ந்த இடங்கள் நான் மேலே ஊகித்த நிலைமைக்கானவை, உங்களுக்கு வந்ததைப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள் என்றாலும், முதலில் தமிழில் இப்படி எழுதிப் பார்த்தால் எங்கே மழுப்புகிறோம் என்பது தெரிந்துவிடும்:

> அல்ஃபா ஏற்புடைமைக்குச் சான்றாகாது என்ற கருத்தை ஏற்கிறோம். முந்தைய வடிவில் அதை அப்படிப் பயன்படுத்திய வாக்கியத்தை நீக்கியிருக்கிறோம் (பக். 9, வரி 12).
>
> தமிழ் வடிவத்தின் மதிப்பெண்ணை எப்படிப் பொருள்கொள்ளலாம் என்பதற்கு மூன்று சான்றுகளைப் புதிதாகச் சேர்த்திருக்கிறோம். முதலாவது, நேர்மறை, எதிர்மறைக் கூற்றுகளின் ஒட்டுறவுகளும் காரணி மாதிரிகள் இரண்டும் (அட்டவணை 2, 3). எதிர்மறைக் கூற்றுகளுக்குள் சொற்போக்கினால் வரும் கூடுதல் ஒற்றுமை இருக்கிறது. அதைக் கணக்கில் எடுத்த பிறகும் 5, 8 தவிர்ந்த எல்லாக் கூற்றுகளும் பொதுக் காரணியோடு போதிய அளவு பிணைந்திருக்கின்றன. இரண்டாவது, மனச்சோர்வு மதிப்பெண்ணோடு இரண்டு பாதிகளின் ஒட்டுறவு, தனித்தனியாக (அட்டவணை 4). மூன்றாவது, இந்த ஆய்வில் பங்கேற்காத மூத்தோருடன் நடத்திய புரிதல் நேர்காணல்கள் (பின்னிணைப்பு ஆ).
>
> 5ஆவது கூற்றுக்கு வாய்மொழியாக "இல்லை" என்று வரும் பதிலை இருவிதமாகக் குறிக்க முடியும் என்பதை இந்த நேர்காணல்கள் காட்டின. தரவு திரட்டியபோது இதற்கென வழிகாட்டுதல் இல்லை. எனவே முதன்மை முடிவுகளைப் பத்துக் கூற்றுகளோடும், 5, 8 நீங்கலான எட்டுக் கூற்றுகளோடும் தருகிறோம் (அட்டவணை 5). முடிவின் திசை மாறவில்லை. விளைவின் அளவு குறைகிறது. சுருக்கத்திலும் குறைந்த அளவையே குறிப்பிட்டிருக்கிறோம்.
>
> தமிழ், ஆங்கில வடிவங்கள் ஒரே அளவுகோலில் இருக்கின்றனவா என்பதை இந்த மாதிரி அளவை வைத்து நிறுவ முடியாது. ஆகவே இரண்டு மொழிக் குழுக்களையும் ஒப்பிடும் பகுதியை நீக்கியிருக்கிறோம் (முன்பு பக். 14–15).

இதில் கடைசி இரண்டு பத்திகள்தான் உங்களைக் காப்பாற்றும். எதைக் காட்ட முடியவில்லை, அதனால் எந்த உரிமைகோரலை விட்டுவிட்டோம் என்று சொல்லும்போது, காட்ட முடிந்ததை மதிப்பாய்வாளர் நம்புகிறார். இதைக் "குறைபாடுகள்" பகுதியில் ஒரு வரியாகப் போட்டுவிட்டு, சுருக்கத்தில் பழைய பெரிய உரிமைகோரலை அப்படியே விட்டுவைப்பதுதான் இத்தகைய திருத்தங்களில் அடிக்கடி நடக்கும் தவறு. மதிப்பாய்வாளர் சுருக்கத்தை மறுபடி படிப்பார்.

முதன்மை முடிவு 5, 8 இல்லாமல் மறைந்துவிட்டால் கடிதத்தின் வரிசை மாற வேண்டும். அப்போது மூன்றாவது பத்தியை முதல் பத்திக்கு அடுத்ததாகக் கொண்டுவந்து, முடிவு அந்த இரண்டு கூற்றுகளைச் சார்ந்திருக்கிறது என்று நேராகச் சொல்லுங்கள். கட்டுரையின் தலைப்பையும் அதற்கேற்ப மாற்றி, வாய்மொழியாகக் கேட்கும் தமிழ் வடிவத்தில் எதிர்மறைக் கூற்றுகள் என்ன செய்கின்றன என்பதையே கட்டுரையின் பேசுபொருளாக்க முடியுமா என்று நெறியாளரோடு பேசுங்கள். அதற்கான தரவு முழுவதும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மேலே உள்ள நிரலையும் கூற்றுவாரியான பங்கீட்டு அட்டவணையையும் பின்னிணைப்பில் கொடுத்துவிடுங்கள். தொண்டூழியர்களைக் குறியெண்ணால் மட்டும் காட்டுங்கள், நிலையங்களின் பெயர் வெளியே தெரிய வேண்டாம்.